கடையில் டெபிட் கார்டு தேய்த்துப் பணம் எடுப்பது எப்படி?

ஏடிஎம்மில் பணம் இல்லையா? பக்கத்து மளிகைக்கடையில் ஸ்வைப் மெஷின் இருந்தால் அங்கேயே கார்டு தேய்த்துப் பணம் வாங்கலாம். இதை ரிசர்வ் வங்கி 2009லேயே அனுமதித்துவிட்டது, ஆனாலும் நிறையப் பேருக்குத் தெரியாது.

முதலில் கடைக்காரரிடம், "அண்ணே, கார்டுல கேஷ் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் இந்த வசதி கிடையாது, அவருக்கு மெஷின் கொடுத்த வங்கி அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். கல்லாவில் நோட்டு இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிரெடிட் கார்டில் மட்டும் இது நடக்காது.

அப்புறம் எவ்வளவு எடுக்கலாம் என்று பாருங்கள். 50,000 பேருக்கு மேல் வாழும் ஊர் என்றால் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய், அதைவிடச் சின்ன ஊர் என்றால் 2,000. இந்த வரம்பு கையில் வாங்கும் பணத்துக்கு மட்டும்தான், சாமான் பில்லுக்கு இல்லை. கட்டணம் எடுக்கும் தொகையில் அதிகபட்சம் 1 சதவீதம்.

உதாரணமாக, 340 ரூபாய்க்கு மளிகை வாங்கிவிட்டு 500 ரூபாய் பணமும் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெஷினில் 840 போகும், கட்டணம் அந்த 500க்கு மட்டும், அதாவது 5 ரூபாயைத் தாண்டக் கூடாது.

இனிமேல்தான் கவனம் வேண்டும். கடைக்காரர் மெனுவில் `CASH@POS` மாதிரியான பணம் எடுக்கும் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சிலர் அதை விட்டுவிட்டு வெறும் `SALE` போட்டு, சாமான் விற்றதாகக் காட்டிப் பணத்தைக் கொடுத்து, கமிஷன் என்று நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கே ஒரு கடையில் அப்படி நடந்தது, 1,000 கேட்டேன், கைக்கு வந்தது 970, ஸ்லிப்பைப் பார்த்தால் `SALE` என்று இருந்தது. அதனால் பின் நம்பர் போடும் முன் திரையைப் பாருங்கள், தொகை சரியா, எந்தப் பிரிவு என்று. பின் நம்பரை நீங்களே அழுத்துங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

ஸ்லிப் வந்ததும் நோட்டை அங்கேயே எண்ணுங்கள். பொருளும் வாங்கியிருந்தால், எடுத்த பணம் ஸ்லிப்பில் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

சில நேரம் கணக்கில் பணம் கழிந்ததாக எஸ்எம்எஸ் வரும், மெஷினில் ஸ்லிப் வராது. அப்போது கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, அவருக்கும் பணம் போயிருக்காது. அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வைத்திருங்கள். 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வர வேண்டும், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்கள் வங்கி இழப்பீடு தர வேண்டும். புகாரைக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான் கொடுக்க வேண்டும்.