மணி பொறுக்கும் பாடத்தில் நாம் விடும் பிழைகள்

பூப்போட்ட சீத்தைத் துணியை விரித்து, பல நிறப் பாசிமணிகளைத் தூவி, பிள்ளைகளை இரைகௌவிகளாக்கிப் பொறுக்கவிட்டு இயற்கைத் தேர்வைப் படிப்பிப்பது பலரும் செய்வதுதான். ஹட்டன் பக்கம் நானும் செய்கிறேன். முதல் தடவை பாடம் படுத்துவிட்டது. பிழை பொறுக்கியதில் இல்லை, அடுத்த சுற்றுக்கு நான் மணி போட்ட விதத்தில்.

பச்சை இலை போட்ட துணி. பச்சை, கபிலம், சிவப்பு, மஞ்சள் மணிகள் ஒவ்வொன்றிலும் 25, ஆக 100. ஐந்து பிள்ளைகள் ஆளுக்கு 15 பொறுக்க, மிஞ்சியவை பச்சை 12, கபிலம் 8, சிவப்பு 3, மஞ்சள் 2. நான் என்ன செய்தேன்? குறைந்ததை நிரப்பி, எல்லாவற்றையும் மறுபடி 25 ஆக்கினேன். மூன்று சுற்றிலும் ஏறக்குறைய ஒரே விடைதான். செத்தவை எல்லாம் திரும்பி வந்தால் அப்புறம் கூர்ப்பு எங்கே நடக்கும்?

பிழைத்தவைதான் பெருக வேண்டும். மிஞ்சிய ஒவ்வொரு மணிக்கும் அதே நிறத்தில் மூன்று குட்டி போடுங்கள். பச்சை 48, கபிலம் 32, சிவப்பு 12, மஞ்சள் 8 ஆகும். மொத்தம் திரும்பவும் 100. இரண்டாம் சந்ததி இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

அடுத்தது, கை. மழை நாளில் வகுப்பு இருட்டிவிட்டால் பிள்ளைகள் துணியைத் தடவத் தொடங்குவார்கள். அப்போது நிறம் அல்ல, மணியின் பருமன்தான் தேர்வாகிறது. ஆகவே மணிகள் ஒரே அளவில், மினுக்கம் இல்லாதவையாக இருக்கட்டும். கோப்பையைப் பின்னால் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு மணி எடுத்து, திரும்பிப் போய்ப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் மறுபடி நிறத்துக்கு 25 மணி போட்டு, கண்ணைக் கட்டி ஒரு சுற்று விடுங்கள். நிறத்துக்கு ஆறு அளவில் மிஞ்ச வேண்டும். நாலோ ஒன்பதோ வந்தால் அது வெறும் தற்செயல். ஒரே நிறம் திரும்பத் திரும்ப அதிகமாக மிஞ்சினால் மணியில்தான் கோளாறு.

"பச்சை மணி ஒளியப் பழகிட்டுது டீச்சர்" என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். திருத்திச் சொல்லி மினக்கெடாதீர்கள். நிறம் மாறிய ஒரு மணியைத் துணியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தேடிப் பார்த்து, ஒரு மணியும் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது என்று தானே வந்து நிற்கும்.

கடைசியில் துணியைச் சிவப்புக்கு மாற்றிப் பாருங்கள், ஆனால் சிவப்பு மணி ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்கும்போதே. ஒன்றும் இல்லாவிட்டால், எவ்வளவு தேவைப்பட்டாலும் அந்த நிறம் துணியில் முளைக்காது, இந்த விளையாட்டில் விகாரம் இல்லையே. நான் ஒரு தடவை தெரியாமல் பிந்தி மாற்றினேன். "ஏன் டீச்சர் சிவப்பு வரல்ல?" என்ற கேள்வியிலேயே மிச்சப் பாடவேளை போய்விட்டது.