வாட்ஸ்அப்பில் ஜிஎஸ்டி தகவல்: கட்ட வேண்டிய தொகையை முதல் வரியில் வைப்பது எப்படி

நான் சிறு கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் நாலு வரியில் ஒரு தகவல் அனுப்புவேன். போன வருஷம் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி ஒருவருக்கு ஆகஸ்ட் 16 அன்று அனுப்பியது இது:

"வணக்கம் அண்ணாச்சி. ஜூலை மாதக் கணக்கு எல்லாம் சரிபார்த்தாச்சு. விற்பனை வரி 92,000. கொள்முதல் வரி 61,600. இதில் ஒரு சப்ளையரின் பில் 12,600 ரூபாய் வரி 2பி-யில் வரவில்லை. ஆகையால் 49,000 மட்டுமே கழிக்க முடியும். மீதி 43,000 ரூபாயை 20-ஆம் தேதிக்குள் கட்டவும்."

2பி என்பது சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்; அதில் வராத பில்லின் வரியைக் கழிக்க முடியாது. தகவலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் ஆள் நிற்கும்போது அண்ணாச்சி போனை எடுத்துப் பார்த்ததில் பூட்டிய திரையில் தெரிந்தது "ஜூலை மாதக் கணக்கு எல்லாம் சரிபார்த்தாச்சு" வரைக்கும்தான். வேலை முடிந்தது என்று போனை வைத்துவிட்டார். வரியைக் கட்டாமல் 3பி என்ற மாதாந்திர ரிட்டர்னைத் தாக்கல் செய்ய முடியாது. 23-ஆம் தேதிதான் பணம் வந்தது. மூன்று நாள் தாமதக் கட்டணம் 150 ரூபாய், 18 சதவீத வட்டியில் இன்னொரு 64 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனாலும் "ஏன் தம்பி முன்னாடியே சொல்லலை?" என்று அவர் கேட்டது எனக்கு உறுத்தியது. அதற்குப் பிறகு நான் எழுதும் முறை இது.

படி 1: முதலில் உங்கள் வழக்கப்படியே எழுதுங்கள்

நோட்டில், பேனாவால். போனில் நேராகத் தட்டினால் எழுதிய வரிசையை மாற்ற மனம் வராது. அதனால் எனக்கு இதற்கு நோட்டுதான். எழுதியதைப் படித்து, எந்த வாக்கியத்தைப் படித்ததும் எதிராளி எழுந்து ஒரு காரியம் செய்வார் என்று பாருங்கள். அதை அடிக்கோடிடுங்கள். அநேகமாக அது கடைசி வாக்கியமாக இருக்கும். நாம் கணக்குப் போட்ட வரிசையிலேயே எழுதுவதால் விடை கடைசியில் போய் நிற்கிறது.

படி 2: அதை மேலே தூக்குங்கள்

இதில் சொல்ல ஒன்றுமில்லை. தேதி, தொகை, எதற்கு, என்ன செய்ய வேண்டும், இவை நான்கும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தால் போதும். தேதி மட்டும் சட்டப்படியான கடைசி நாளாக இருக்கக் கூடாது. வங்கியிலிருந்து பணம் போய்ச் சேர நேரம் வேண்டும், அதனால் நான் 19 என்று எழுதுவேன்.

படி 3: வினைச்சொல்லை முன்னால் இழுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். முடிவை முதலில் சொல் என்ற அறிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வருகிறது. அமெரிக்க ராணுவத்தின் கடித விதிகளில்கூட அது இருக்கிறது. ஆங்கிலத்தில் கட்டு என்ற சொல்லே வாக்கியத்தின் முதலில் வந்துவிடும். தமிழில் அது கடைசியில்தான் வரும். அடுத்த மாதங்களில் நான் எழுதிய முதல் வாக்கியம், இதே ஜூலைக் கணக்கை வைத்துச் சொன்னால், இப்படி இருந்தது:

"சப்ளையர் ஒருவர் ஜூலை பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டாததால் கழிக்க முடியாமல் போன 12,600 ரூபாயையும் சேர்த்து மொத்தம் 43,000 ரூபாயை 19-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்."

முடிவு முதல் வாக்கியத்தில் இருக்கிறது, ஆனால் அந்த வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. திரையில் தெரிவது சப்ளையரின் கதை மட்டும்.

இதற்கு நான் கண்ட வழி, முதல் வாக்கியத்தில் காரணத்தைச் சேர்க்காமல் இருப்பது. "காட்டாததால்", "வராமல் போய்", "முடியாத" மாதிரி ஒரு சொல் அதில் இருந்தால் அந்த இடத்தில் வெட்டி, வெட்டியதைத் தனி வாக்கியமாக அடுத்து வையுங்கள். மிஞ்சுவது ஐந்தாறு சொற்கள்தான்: "19-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரூ.43,000 கட்டுங்கள்." இவ்வளவு குட்டியாக இருந்தால் வினைச்சொல் கடைசியில் வந்தாலும் திரைக்குள் அடங்கிவிடும். "கட்டப்பட வேண்டும்" என்று எழுதாதீர்கள். நான் கட்டுவேன் என்று அவர் நினைக்க அது இடம் கொடுக்கிறது.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். "இந்த மாதம் நீங்கள் கூடுதலாக வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை" என்பது "கட்ட வேண்டிய" என்ற இடத்தில் வெட்டுப்பட்டால் பொருளே தலைகீழாகிவிடும். அதனால் கட்ட ஒன்றுமில்லாத மாதத்தில் "வரி பாக்கி இல்லை" என்று மூன்றே சொல்லில் தொடங்குவேன். செய்ய ஒன்றுமில்லை என்பதும் அவருக்கு ஒரு முடிவுதான். அதையும் முதலில்தான் சொல்ல வேண்டும்.

படி 4: மீதியை அவர் கேட்கும் வரிசையில் வையுங்கள்

43,000 என்று பார்த்ததும் அண்ணாச்சி முதலில் கேட்பது "ஏன் இவ்வளவு?" அவர் மனதில் 30,400 என்ற கணக்கு இருக்கும். அடுத்து "அந்தப் பணம் போனது போனதுதானா?" என்பார். கணக்கு விவரத்தைப் பெரும்பாலும் கேட்கவே மாட்டார், அதனால் அது கடைசியில். இப்போது என் தகவல்:

"அண்ணாச்சி, 19-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரூ.43,000 கட்டுங்கள். எதிர்பார்த்ததைவிட 12,600 கூடுதல். சப்ளையர் ஒருவர் ஒரு பில்லை 11-ஆம் தேதிக்குள் ஏற்றவில்லை. அவர் இந்த மாதம் ஏற்றிவிட்டால் அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம். கணக்கு: 92,000 - 49,000."

கடைசி நாளைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாயும் வட்டியும் சேரும் என்பதைப் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி சேர்ப்பேன். மாதாமாதம் எல்லோருக்கும் எழுதினால் மிரட்டுவது போலாகிவிடும்.

படி 5: பூட்டிய திரையில் பாருங்கள்

வீட்டில் இருக்கும் இன்னொரு போனுக்கு அனுப்பி, திறக்காமல் பாருங்கள். தொகையும் "கட்டுங்கள்" என்ற சொல்லும் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் படி 3-க்குத் திரும்புங்கள். எல்லாவற்றையும் ஒரே தகவலாக அனுப்புங்கள். "வணக்கம்" தனியாக, தொகை தனியாக, விளக்கம் தனியாக அனுப்பினால் பல போன்களில் கடைசியாக வந்த விளக்கம்தான் மேலே நிற்கும். குரல் பதிவு இதற்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொகையைத் திரும்பப் பார்க்க முழுவதையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 1: வணக்கம் சொல்லாமல் பெரியவர்களிடம் எப்படித் தொடங்குவது என்று இருவர் கேட்டிருந்தார்கள். "அண்ணாச்சி," என்ற விளியிலேயே மரியாதை வந்துவிடுகிறது, அது பிடிக்கும் இடமும் ஒரு சொல்தான். "கட்டு" என்றில்லாமல் "கட்டுங்கள்" என்று முடிக்கிறோம். ஒருவரும் இதுவரை முகம் சுளித்ததில்லை. நலம் விசாரிப்பதைத் தகவலின் கடைசியில் வைக்கலாம்.

பின்சேர்க்கை 2: அவர் செய்ய வேண்டியது இரண்டு இருந்தால்? எனக்கும் இது வந்தது: வரியும் கட்ட வேண்டும், அந்தச் சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கியில் 12,600-ஐ நிறுத்தி வைப்பதா என்றும் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஒரே தகவலில் எழுதியபோது கேள்விக்குப் பதில் வந்தது, பணம் வரவில்லை. பதில் எழுதியதும் காரியம் முடிந்தது என்று தோன்றிவிடுகிறது போல. இப்போது கெடு உள்ளதை மட்டும் முதலில் அனுப்புகிறேன். பணம் கட்டிய ரசீது வந்த பிறகு, "சப்ளையர் பாக்கியில் 12,600 நிறுத்தி வைக்கலாமா?" என்று தனித் தகவல் போகும்.