ஷட்டவுன்: 32 மணி நேரத்தில் வென்டருக்குக் கிடைப்பது எவ்வளவு?

கேரளாவில், பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. ஓவனுக்குள் ஓடும் ஸ்டீல் பேண்டை இழுக்கிற கியர்பாக்ஸை மாற்ற வேண்டும். வென்டர் கோயம்புத்தூர்க்காரர், 14 மணி நேர வேலை என்கிறார். சனி இரவு 10 மணிக்கு லைன் நிற்கிறது, திங்கள் காலை 6 மணிக்கு ஓட வேண்டும். 32 மணி நேரம் இருக்கிறதே, தாராளம் என்று எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் தவறு அங்கேதான்.

10 மணிக்கு லைன் நிற்காது. மிக்ஸரில் பிசைந்த மாவை அப்படியே போட்டுவைக்க முடியாது, ஓட்டித்தான் தீர்க்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம். அப்புறம் ஓவன் ஆற வேண்டும். 200 டிகிரிக்கு மேல் இருந்த ஓவனில் ஆள் கை வைக்கிற சூடு வர ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்மிட், லாக்அவுட் முடிய இன்னொரு மணி. ஆக, வென்டர் ஸ்பேனரை எடுப்பது ஞாயிறு காலை 7 மணிக்கு. மறுபக்கம், திங்கள் 6 மணிக்கு நல்ல பிஸ்கட் வெளியே வர வேண்டுமென்றால் சூடேற்றல், டிரையல், குவாலிட்டி கிளியரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் முன்பே லைன் கைக்கு வர வேண்டும். மிச்சம் 17 மணி நேரம். 14 மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம்தான் கூடுதல்.

அதனால் புரொடக்‌ஷன் ஹெட்டிடம் "லைன் எப்போது நிற்கும்" என்று கேட்காதீர்கள். "கடைசி பேட்ச் மாவு எத்தனை மணிக்கு" என்று கேட்டு, அதை எழுதி வாங்குங்கள். டெஸ்பாட்ச் இன்னும் நாலு பேலட் கேட்டால் அவர் இரண்டு மணி நேரம் தள்ளிவிடுவார். வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் காட்டியதை வைத்து அப்போது சண்டை போட முடியாது.

பெரிய குழப்பம் வருவது எலக்ட்ரிக்கலில் இருந்து. "லைன் நிற்கிறதே, அந்த நேரத்தில் பேனலை ஆஃப் பண்ணி டெர்மினல் எல்லாம் டைட் பண்ணிவிடுகிறோம்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஓவன் ஆறும்போதும் பேண்ட் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டோடு நின்றால் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் ஆறாமல் பேண்ட் நெளிந்துவிடும். கியர்பாக்ஸ் மாற்றப் போய், பேண்டுக்கு ஆள் தேடுகிற கதை ஆகிவிடும். பேனல் வேலை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஓவன் ஆறி, பேண்டை நிறுத்தி லாக் போட்ட பிறகு என்று நேரம் குறித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் வென்டரின் வெல்டிங் மெஷினுக்கும் செயின் ஹாய்ஸ்டுக்கும் கரண்ட் எங்கிருந்து என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்துவிடுவது. கோயம்புத்தூர் முக்கால் மணி, ஒரு மணி தூரம்தான். ஆனால் அன்றைக்கு பேரிங் கடை திறந்திருக்காது. கப்ளிங் ஸ்பைடர், ஆயில் சீல், ஷாஃப்ட் சாவி எல்லாம் வெள்ளிக்கிழமையே ஸ்டோரில் இருக்க வேண்டும். புது கியர்பாக்ஸ் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் வரும். வென்டர் ஸ்டோர்ஸைப் பார்ப்பார், ஸ்டோர்ஸ் வென்டரைப் பார்க்கும். பிரீதர் இடத்தில் டிரான்சிட் பிளக் இருந்தால் அதைக் கழற்றுவது யார் வேலை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஷாஃப்ட் அளவை பழைய கப்ளிங்கோடு முன்பே வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

2017இல் ஜிஎஸ்டி வந்து வாளையாரில் வரிச் சோதனைச்சாவடி போனதால் பேப்பர் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கியர்பாக்ஸ் மாநில எல்லை தாண்ட இ-வே பில் வேண்டும். ரிப்பேருக்குத் திரும்பிப் போகும் பழையதற்கு டெலிவரி சலானும் வேண்டும். கேட்டில் புது கியர்பாக்ஸை இறக்குவது நம் கிரேனா, சுமட்டுத் தொழிலாளிகளா என்று யூனியன் சேட்டன்மாரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஓண லீவில் ஷட்டவுன் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வென்டர் வந்துவிடுவார், ஸ்டோர் சாவி வைத்திருப்பவர் வரமாட்டார்.

கடைசியாக, மோட்டார் வயரைத் திரும்ப மாட்டியதும் நேராகக் கப்ளிங்கை இணைத்துவிடுவது. இரண்டு ஃபேஸ் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். கப்ளிங்கை இணைக்காமல் ஒரு நொடி மோட்டாரைத் தட்டிவிட்டு, ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். பிறகு பேண்ட் நடுவில் ஓடுகிறதா என்று ஆறிய நிலையில் ஒரு தடவை, சூடேறிய பிறகு ஒரு தடவை பார்க்க வேண்டும். குவாலிட்டி ஹெட்டை முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டிருந்தால், உள்ளே போன டூல்ஸ் பட்டியல் அவர் கையில் இருக்கும். இல்லையென்றால் திங்கள் காலை 5 மணிக்கு வந்து, "வெல்டிங் பண்ணியிருக்கிறீர்கள், மெட்டல் டிடெக்டர் சரிபார்க்காமல் ரிலீஸ் பண்ண முடியாது" என்பார். அவர் சொல்வதும் சரிதான்.