7490 ஐசியில் டிஜிட்டல் கடிகாரம்: விநாடி முழுமையானால் நிமிடம் எப்படி நகரும்?

நான் முதலில் கட்டிய கடிகாரத்தில் விநாடி 00 முதல் 59 வரை அழகாக ஓடி, மறுபடியும் 00-க்கு வந்தது. நிமிடம் மட்டும் அசையவே இல்லை. காரணம் ஒரே ஒரு வயர். அந்த வயரை எங்கே செருக வேண்டும் என்பது புரிந்துவிட்டால் மீதிக் கடிகாரம் தானாக வந்துவிடும்.

7490 என்பது துடிப்புகளை எண்ணும் ஐசி. ஒரு இலக்கத்துக்கு ஒன்று என்று ஆறு வேண்டும். 7490-இல் நான்கு வெளியீடுகள் உண்டு: 12ஆம் பின்னின் மதிப்பு 1, 9ஆம் பின் 2, 8ஆம் பின் 4, 11ஆம் பின் 8. எந்தெந்தப் பின் உயர்ந்திருக்கிறதோ அவற்றின் மதிப்பைக் கூட்டினால் அப்போதைய எண் கிடைக்கும். பவர் பின்கள் மூலையில் இல்லை: 5 வோல்ட் 5ஆம் பின்னுக்கு, கிரவுண்ட் 10ஆம் பின்னுக்கு. பழக்கத்தில் 14-க்கும் 7-க்கும் கொடுத்துவிடாதீர்கள். 14 துடிப்பு வரும் வழி. 7 ஒரு ரீசெட் பின்.

விநாடியின் ஒன்றாம் இலக்கம். 12ஆம் பின்னை 1ஆம் பின்னுடன் இணையுங்கள். அப்போதுதான் பத்து வரை எண்ணும். 2, 3, 6, 7 நான்கையும் கிரவுண்டில் சேருங்கள். இவற்றை அந்தரத்தில் விட்டால் ஐசி அதை 5 வோல்ட் என்றே எடுத்துக்கொள்ளும். டிஸ்பிளே 9-இலேயே நின்றுவிடும். அப்புறம் 14ஆம் பின்னுக்கு விநாடிக்கு ஒரு துடிப்பு கொடுங்கள்.

7490 ஒரு எண்ணைக் கூட்டுவது துடிப்பு ஏறும்போது அல்ல, இறங்கும்போது. 8 மதிப்புள்ள 11ஆம் பின் எண் 8-இலும் 9-இலும் உயர்ந்திருக்கும். 9-இலிருந்து 0-க்குப் போகும்போது இறங்கும். அடுத்த இலக்கத்துக்கு வேண்டிய கேரி இந்த இறக்கம்தான். எனவே 11-இலிருந்து பத்தாம் இலக்க ஐசியின் 14-க்கு ஒரு வயர் போதும்.

விநாடியின் பத்தாம் இலக்கம். இதுவும் 12-ஐ 1-உடன் சேர்த்தால் பத்து வரை எண்ணும். நமக்கு 5-க்குப் பிறகு 0 வர வேண்டும். 6 என்றால் 4-உம் 2-உம் சேர்ந்து உயர்ந்த நிலை. ஆகவே 9ஆம் பின்னை 2ஆம் பின்னுக்கும், 8ஆம் பின்னை 3ஆம் பின்னுக்கும் கொடுங்கள். இந்த இரண்டும் ஒன்றாக உயர்ந்தால் ஐசி பூஜ்யமாகும். 6, 7 வழக்கம்போல் கிரவுண்டில்.

```
எண்   8 4 2 1
3     0 0 1 1
4     0 1 0 0
5     0 1 0 1
6     0 1 1 0  -> உடனே 0 0 0 0
```

6 என்பது கண்ணுக்கே தெரியாத நொடிப்பொழுது மட்டும் இருந்து மறையும். இப்போது நிமிடத்துக்கான கேரியை எங்கே எடுப்பது? நான் செருகியது முந்தைய ஐசியைப் போலவே 11-இல். அட்டவணையில் 8-இன் நெடுவரிசையைப் பாருங்கள்: எல்லாமே பூஜ்யம். இந்த ஐசி 8-ஐத் தொடுவதே இல்லை, அதனால் இறங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. 2-இன் நெடுவரிசையில் எடுத்தாலும் தவறு. அது 3-இலிருந்து 4-க்குப் போகும்போதே இறங்குவதால் 40ஆவது விநாடியிலேயே நிமிடம் கூடும். 4-இன் நெடுவரிசையோ 4, 5 முழுக்க உயர்ந்திருந்து, பூஜ்யமாகும் கணத்தில் ஒரே ஒரு முறை இறங்குகிறது. எனவே 8ஆம் பின்தான் சரி. அதிலிருந்து நிமிடத்தின் முதல் ஐசியின் 14-க்கு வயர் போட்டேன். நிமிடம் ஓடத் தொடங்கியது.

நிமிடம். இதே ஜோடியை அப்படியே இன்னொரு முறை கட்டுங்கள். அதன் பத்தாம் இலக்கத்தின் 8ஆம் பின் மணிக்குப் போகும்.

மணி. இங்கே இரண்டு ஐசியும் சேர்ந்து 24-இல் பூஜ்யமாக வேண்டும். ஒன்றாம் இலக்கத்தின் 11-இலிருந்து பத்தாம் இலக்கத்தின் 14-க்கு கேரி. 24 என்றால் பத்தாம் இலக்கத்தில் 2, ஒன்றாம் இலக்கத்தில் 4. ஆகவே ஒன்றாம் இலக்கத்தின் 8ஆம் பின்னை இரு ஐசிகளின் 2ஆம் பின்னுக்கும், பத்தாம் இலக்கத்தின் 9ஆம் பின்னை இரு ஐசிகளின் 3ஆம் பின்னுக்கும் கொடுங்கள். முன்போலவே இரண்டிலும் 12-ஐ 1-உடன் சேருங்கள்; 6, 7 கிரவுண்டுக்கு.

டிஸ்பிளேவுக்கு ஒவ்வொரு இலக்கத்துக்கும் எண்ணைத் துண்டுகளாக மாற்றிக் காட்டும் ஒரு 7447, ஒரு காமன் ஆனோடு ஏழு துண்டு டிஸ்பிளே, துண்டுக்கு ஒரு 330 ஓம் ரெசிஸ்டர்.

சோதனை. துடிப்புக்கு 555 டைமர் போதும்: 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட். இது ஏறக்குறைய விநாடிக்கு ஒரு துடிப்பு தரும். நேரம் துல்லியமாக இருக்க கிரிஸ்டல் வேண்டும்; வயரிங் சரிபார்க்க இதுவே போதும். 23:59:59-ஐப் பார்க்க ஒரு நாள் காத்திருக்க வேண்டாம். 10 மைக்ரோ ஃபாரடை 0.1 ஆக மாற்றினால் நூறு மடங்கு வேகம், முழு நாளும் சுமார் 15 நிமிடத்தில் முடிந்துவிடும்.

எண்கள் இடையிடையே தாவினால் ஒவ்வொரு 7490-இன் 5-க்கும் 10-க்கும் நடுவே, ஐசியை ஒட்டி, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். 23-க்குப் பிறகு 00 வராமல் 20 வந்தால், ஒன்றாம் இலக்கம் முந்திப் பூஜ்யமாகி, மற்ற ஐசி ரீசெட்டை உணரும் முன்பே அது மறைந்துவிட்டது என்று பொருள். ரீசெட் வயர்களைக் குட்டையாக்குங்கள், இரண்டும் ஒரே வகை 7490 தானா என்று பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரீசெட்டைச் சற்று நேரம் பிடித்து வைக்க இரண்டு நேண்ட் கேட்டுகளைக் கொண்டு ஒரு லேட்ச் கட்ட வேண்டியிருக்கும்.