குரூப் 4-க்கு எத்தனை ரிவிஷன் முடியும்? முதலில் கணக்கு, அப்புறம் அட்டவணை

"அஞ்சு ரிவிஷன் முடிச்சாத்தான் வேலை" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் முறை எழுதியபோது நானும் சுவரில் அட்டவணை ஒட்டினேன். தேர்வன்று பார்த்தால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நான்கு முறை திருப்பியிருந்தேன். பத்தாம் வகுப்புக் குடிமையியலை ஒரு முறைகூட முழுதாகத் திருப்பவில்லை. ஒவ்வொரு சுற்றையும் ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பிப்பேன், பாதியில் ஏதாவது தடை வரும், மறுபடியும் ஆறாம் வகுப்பு. நான் போட்டது அஞ்சு ரிவிஷன் இல்லை, ஒரே ரிவிஷனின் முதல் பாதியை அஞ்சு முறை.

இந்தப் பதிவு பாடங்களை ஒருமுறை படித்து முடித்தவர்களுக்கு. படிப்பே இன்னும் முடியவில்லை என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். முதல் வாசிப்பு ரிவிஷன் கணக்கில் சேராது.

படி 1: கையில் இருக்கும் மணி நேரத்தை எண்ணுங்கள்

நாள் கணக்கு ஏமாற்றும். 2025-இல் குரூப் 4 அறிவிப்பு ஏப்ரல் 25-ஆம் தேதி வந்தது, தேர்வு ஜூலை 12. இடையில் 78 நாள். கேட்கத் தாராளமாக இருக்கும். அதை மணிக்கு மாற்றினால்தான் உண்மை தெரியும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் ஒருவர். தேர்வுக்கு 10 வாரம் இருக்கிறது. வேலை நாளில் இரண்டரை மணி நேரம், ஞாயிறு 5 மணி நேரம். வாரத்துக்கு 20, மொத்தம் 200 மணி நேரம்.

இதில் 30 மணி நேரத்தை முதலிலேயே தள்ளிவிடுங்கள். காய்ச்சல் வரும், பங்காளி வீட்டுக் கல்யாணம் வரும், சும்மாவே உட்கார முடியாத நாளும் வரும். மீதி 170. திறனறிவுக் கணக்கை வாசித்து ரிவிஷன் செய்ய முடியாது, தினம் போட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு அரை மணி வைத்தால் 35 மணி நேரம். முழு மாதிரித் தேர்வு ஆறு. ஒவ்வொன்றும் எழுத 3 மணி, தப்பானதை அலச 2 மணி என்று 30 மணி நேரம் போகும். கடைசியில் பாட ரிவிஷனுக்கு என்று நிற்பது 105 மணி நேரம்.

200 எப்படி 105 ஆனது என்று பார்த்தீர்களா? பெரும்பாலான அட்டவணைகள் உடைவது இந்த இடத்தில்தான்.

படி 2: உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள்

ஊகிக்காதீர்கள். மூன்று பாடம் எடுங்கள்: ஒன்று எளிது, ஒன்று நடுத்தரம், ஒன்று பார்த்தாலே தள்ளிப்போடத் தோன்றுவது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, வரிவரியாகப் படித்து, குறியிட்டு முடிக்க எவ்வளவு ஆகிறது என்று எழுதி, சராசரி எடுங்கள். நம் உதாரணக்காரருக்கு ஒரு பாடத்துக்கு 35 நிமிடம். அவர் பட்டியலில் இருப்பது 120 பாடம்.

120 பாடம், 35 நிமிடம்: 70 மணி நேரம். எல்லாச் சுற்றையும் இதே ஆழத்தில் செய்தால் 105 மணி நேரத்தில் ஒன்றரைச் சுற்றுதான் முடியும். அஞ்சு சுற்றுக்கு 350 மணி நேரம் வேண்டும். அவரிடம் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

ஆனால் இரண்டாம் சுற்றை 12 நிமிடத்திலும் மூன்றாம் சுற்றை 4 நிமிடத்திலும் முடிக்க முடிந்தால்? இரண்டாவதுக்கு 24 மணி நேரம், மூன்றாவதுக்கு 8. மூன்றும் சேர்ந்து 102 மணி நேரம். 3 மணி நேரம் மிச்சம்கூட இருக்கிறது. ஆக, இவருக்கு மூன்று சுற்று. நான்காவதை ஆசைக்காகக்கூட எழுத வேண்டாம்.

வேகமாகப் படிப்பதால் 35 நிமிடம் 12 ஆகிவிடாது. ஒவ்வொரு சுற்றிலும் செய்யும் வேலையே வேறு.

படி 3: ஒவ்வொரு சுற்றிலும் என்ன வேலை

பத்தாம் வகுப்புக் குடிமையியலின் முதல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம், இந்திய அரசியலமைப்பு.

முதல் சுற்றில் புத்தகம் திறந்திருக்கும், கையில் பென்சில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் படிக்கிறீர்கள். அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டம் 1946 டிசம்பர் 9, நன்றாகத் தெரியும், குறி வேண்டாம். தற்காலிகத் தலைவர் சச்சிதானந்த சின்கா, இரண்டு நாள் கழித்து ராஜேந்திர பிரசாத் தலைவர்: தெரியும், ஆனால் தடுமாறும். ஓரத்தில் ஒரு புள்ளி. வரைவுக் குழு அமைந்தது 1947 ஆகஸ்ட் 29: மறந்தே போயிருந்தது. ஒரு வட்டம். மஞ்சள் ஹைலைட்டர் வேண்டாம் என்பது என் கட்சி. அதைக் கையில் எடுத்தால் பக்கம் முழுக்க மஞ்சள் குளித்துவிடும், அடுத்த சுற்றில் எதைப் பார்ப்பது என்று தெரியாது.

படித்து முடித்ததும், புள்ளியும் வட்டமும் உள்ள இடங்களை மட்டும் கேள்வியாக மாற்றி ஒரு நோட்டில் எழுதுங்கள். பாடத்துக்குப் பத்துக் கேள்வி போதும். "நிர்ணய சபையின் தற்காலிகத் தலைவர் யார்?" "வரைவுக் குழு எப்போது அமைந்தது?" "சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து எடுத்த திருத்தம் எது?" விடையை எழுதாதீர்கள், பக்க எண்ணை மட்டும் போடுங்கள். இதெல்லாம் சேர்த்துத்தான் 35 நிமிடம். அளக்கும்போதும் இதைச் சேர்த்தே அளக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் புத்தகம் மூடியே இருக்கும். நோட்டைத் திறந்து, கேள்வியைப் படித்து, பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் மட்டும் அந்தப் பக்கத்தில் அந்த வரியை மட்டும் பாருங்கள். தப்பான கேள்விக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. பத்துக் கேள்விக்கு 12 நிமிடம் தாராளம்.

இந்தச் சுற்று கசக்கும். மறுபடி வாசிப்பதுபோல் சுகமாக இருக்காது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இது அழகாகத் தெரிந்தது. ஒரு குழு பகுதியை மறுபடி படித்தது, இன்னொரு குழு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நமக்குத் தேர்வு அஞ்சு நிமிடத்தில் இல்லையே.

மூன்றாம் சுற்றில் பெருக்கல் குறி விழுந்தவை மட்டும். நம் பாடத்தில் இரண்டுதான் மிஞ்சியது என்று வையுங்கள். ஒன்று வரைவுக் குழுத் தேதி. இன்னொன்று 42-ஆம் திருத்தமா, 44-ஆம் திருத்தமா என்ற குழப்பம். இப்படி இரட்டைப் பிறவிகளாக வருவதைத் தனித்தனியாகப் படித்தால் நிற்காது, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1976-இல் 42: முகவுரையில் சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு சேர்ந்தது. 1978-இல் 44: சொத்துரிமை அடிப்படை உரிமையிலிருந்து வெளியே போய், 300A சட்டப்பிரிவில் உட்கார்ந்தது. 42 சேர்த்தது, 44 எடுத்தது. இதை ஒரு தாளில் இரண்டு வரியாக எழுதினால் 4 நிமிடத்தில் பாடம் முடிந்தது.

படி 4: காலண்டரில் பாதி பாதியாக வையுங்கள்

120 பாடத்தையும் முதல் சுற்று முடித்துவிட்டுத்தான் இரண்டாம் சுற்று என்று வைத்தால், முதல் வாரம் பார்த்த பாடத்தை ஏழாம் வாரம்தான் மறுபடி தொடுவீர்கள். அதற்குள் பாதி காற்றில் போயிருக்கும். பத்துக் கேள்வியில் ஏழுக்குப் பதில் வராது, மனசு விட்டுப்போகும்.

அதனால் பாடங்களை 60, 60 ஆகப் பிரியுங்கள். முதல் 60-க்கு முதல் சுற்று, உடனே அதற்கே இரண்டாம் சுற்று. இதற்கு 47 மணி நேரம், அதாவது நாலரை வாரம். அடுத்த 60-க்கும் அதேபோல் நாலரை வாரம். பத்தாவது வாரம் மொத்தத்துக்கும் மூன்றாம் சுற்று. மாதிரித் தேர்வுகளைக் கடைசியில் குவிக்காமல் இடையிடையே போடுங்கள், முதல் பாதியை மறக்காமல் வைத்திருக்க அவையும் கைகொடுக்கும்.

இன்னொன்று, இரண்டாம் சுற்றைப் பட்டியலின் கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பாதியில் தடைபட்டாலும் எப்போதும் ஒரே பாடங்கள் பட்டினி கிடக்காது. ஆறாம் வகுப்பு நோய்க்கு எனக்குக் கேட்ட மருந்து இதுதான்.

எங்கே இடறும்?

பெரும்பாலும் இரண்டாம் சுற்று சத்தமில்லாமல் முதல் சுற்றாக மாறிவிடும். ஒரு வரி பார்க்கப் புத்தகத்தைத் திறப்பீர்கள், "பக்கத்துப் பத்தியையும் பார்த்துடலாம்" என்று தோன்றும், 12 நிமிடம் தாண்டியும் மூன்றாவது கேள்வியிலேயே நிற்பீர்கள். ஸ்டாப்வாட்ச் அடித்தால் மீதிக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுங்கள்.

பத்தில் ஆறுக்கு மேல் தப்பு என்றால் அந்தப் பாடத்துக்கு முதல் சுற்றே சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். அதைத் தனியாகக் குறித்துவையுங்கள். மிச்சம் இருந்த 3 மணி நேரம் இதற்குத்தான். ஆனால் அதில் அஞ்சு பாடத்துக்குத்தான் இடம். பட்டியல் பன்னிரண்டு ஆனால் எந்த அஞ்சு என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் வாரமே சராசரி 35 அல்ல, 50 நிமிடம் என்று தெரியவந்தால்? 120 பாடத்துக்கு 100 மணி நேரம், மற்ற இரண்டு சுற்றுக்கும் 5 மணி நேரம்தான் மிஞ்சும். அப்போது சுற்றைக் குறைக்காதீர்கள், பாடத்தைக் குறையுங்கள். தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. கடைசி மூன்று தாள்களை எடுத்து, உங்கள் பட்டியலில் எந்தப் பாடத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை என்று பாருங்கள். அவற்றுக்கு முதல் சுற்று வேண்டாம், பாடத்தின் பின்னால் இருக்கும் பயிற்சி வினாக்களை மட்டும் போட்டுவிட்டு நகருங்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு, இந்த முறை அங்கிருந்தே கேள்வி வரலாம். 200 கேள்வியில் அப்படி இரண்டு மூன்று போனாலும் போகட்டும் என்றுதான் நான் விட்டேன்.

இன்றைக்கே ஆரம்பிப்பதாக இருந்தால் அட்டவணை போட வேண்டாம். மூன்று பாடத்தை எடுத்து ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள், எண் நாளைக்குத் தெரிந்துவிடும்.