தனுஷ்கோடி வீடியோவில் சிவப்புச் சட்டைக்காரரை நீக்குவது எப்படி?

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மிஞ்சி நிற்கும் சர்ச் சுவரை, கேமராவை ட்ரைபாடில் வைத்து 40 விநாடி எடுத்திருந்தேன். காலை வெளிச்சம் அருமை. வீட்டுக்கு வந்து பார்த்தால், இடது ஓரத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் சுவரில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறார். 25ஆவது விநாடியில்தான் நடையைக் கட்டுகிறார். இந்த ஒரு வீடியோவை வைத்தே, வேண்டாத பொருளை எப்படி நீக்குவது என்று பார்க்கலாம்.

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி: அவர் மறைக்கிற இடம், வீடியோவில் வேறு எங்காவது ஒரு விநாடியாவது தெரிகிறதா? என் வீடியோவில் தெரிகிறது. கடைசிப் பதின்மூன்று விநாடி அவர் இல்லை, சுவர் முழுசாக இருக்கிறது. அப்படியானால் நாம் எதையும் புதிதாக உருவாக்க வேண்டாம், அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டினால் போதும். எங்குமே தெரியவில்லை என்றால்தான் இன்பெயின்டிங், அதாவது சுற்றியிருப்பதைப் பார்த்து நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணினி ஊகித்து நிரப்புவது.

முதலில் ஒட்டும் வேலை. நான் பயன்படுத்துவது ஷாட்கட், இலவசம்தான். முழு வீடியோவையும் V1 தடத்தில் வையுங்கள். மேலே V2 என்று இன்னொரு வீடியோ தடம் சேர்த்து, அதே வீடியோவின் 27 முதல் 40 வரையிலான பகுதியை அதன் தொடக்கத்தில் வையுங்கள். 25இல் கிளம்பியவர் படச்சட்டத்தை விட்டு முழுசாக வெளியேற இரண்டு விநாடி ஆனது, அதனால்தான் 27. இது 13 விநாடிதான் வரும். மறைக்க வேண்டியதோ 27 விநாடி. அதனால் அதே துண்டை மூன்று முறை வரிசையாக வைத்து, 27க்கு மேல் நீளுவதை வெட்டிவிடுங்கள். V2-இன் ஒலியை அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் காற்றுச் சத்தம் இரட்டிப்பாகும்.

இப்போது V2 துண்டுகளுக்கு `Mask: Simple Shape` என்ற ஃபில்டரைப் போடுங்கள். திரையில் வரும் செவ்வகத்தை அந்த ஆள் நிற்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். அவர் நடந்து போகும் வழியும் அதற்குள் அடங்க வேண்டும். செவ்வகத்துக்கு வெளியே கீழே இருக்கும் V1 தெரியும், உள்ளே ஆளில்லாத சுவர் தெரியும். `Softness` அளவைக் கொஞ்சம் ஏற்றினால் விளிம்பு மங்கிக் கலந்துவிடும். ஒட்டு தெரிகிறதா என்று பார்க்க, V2 தடத்தின் கண் அடையாளத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஆள் மட்டும் வந்து வந்து போக வேண்டும். சுவர் அசையக் கூடாது.

பலரும் கோட்டை விடுகிற இடம் நிழல். முதல் தடவை நானும் ஆளை அழகாக எடுத்துவிட்டு, மணலில் கிடந்த நிழலை அப்படியே விட்டுவிட்டேன். என் அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, நிழல் மட்டும் தனியா நிக்குது, பேயா?" என்றான். காலையில் நிழல் ஆளைவிட நீளம், அதனால் செவ்வகத்தை அதுவரை இழுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது வெளிச்சம். நடுவில் ஒரு மேகம் கடந்தாலோ, போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாலோ, ஒட்டிய துண்டு சுவரில் வெள்ளையடித்த மாதிரித் தனியாகத் தெரியும். எடுக்கும்போதே திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அங்கே அடிக்கிற காற்றில் ட்ரைபாடும் லேசாக ஆடும், அப்போது ஒட்டு மிதக்கும். ட்ரைபாடின் நடுக்கொக்கியில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டது எனக்கு உதவியது.

செவ்வகத்துக்குள் அலையோ ஆடும் செடியோ இருந்தால், துண்டுகள் சேரும் 13ஆவது விநாடியிலும் 26ஆவது விநாடியிலும் ஒரு துள்ளல் தெரியும். சுவருக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, ஆள் கடைசிவரை நகரவே இல்லை என்றால்? அப்போதுதான் ஊகம். அதன் மிக எளிய வடிவத்தைப் பார்க்க, உங்கள் சொந்தக் கடல் வீடியோவில் கேமரா அடித்த தேதி முத்திரையை எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரி மென்பொருளில் நீக்கிப் பாருங்கள்:

```
ffmpeg -i kadal.mp4 -vf "delogo=x=60:y=960:w=420:h=70" -c:a copy puthusu.mp4
```

x, y என்பவை செவ்வகத்தின் இடது மேல் மூலை, w, h அகலமும் உயரமும். இது செவ்வக விளிம்பில் இருக்கும் நிறங்களை உள்ளே இழுத்துப் பூசும், அவ்வளவுதான். முத்திரை வெறும் மணல்மேல் இருந்தால் ஓரளவு ஒப்பேறும். அலைநுரைமேல் இருந்தால் ஈரத்துணியால் தேய்த்த மாதிரி ஒரு கறை படத்தோடு கூடவே வரும்.

புரோபெயின்டர் மாதிரிப் பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு மாடல்கள் இதைவிட எவ்வளவோ கெட்டி. கேமரா நகரும் வீடியோவில், ஒரு ஃபிரேமில் மறைந்தது இன்னொன்றில் தெரிந்தால் அதை அவையே தேடி எடுத்து வந்து வைக்கும். எங்குமே தெரியாத இடத்தைக் கற்பனையில் நிரப்பும். அந்தச் சர்ச் சுவரில் கற்கள் ஒழுங்கில்லாமல் அரித்துப்போயிருக்கின்றன. நிரப்பிய இடத்தில் கல்வரிசை பக்கத்து வரிசையோடு சேராது, அல்லது ஒரே கல் இரண்டு இடத்தில் இருக்கும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கொதிப்பது போல் நெளியும். பார்வைக்கு நன்றாக வந்தாலும், அது அங்கே இருக்கும் சுவர் இல்லை.

அடுத்தவர் வாட்டர்மார்க் பற்றியும் கேட்பீர்கள். மண்டபம் ஊரில் ஒரு தம்பி பாம்பன் பாலத்து ட்ரோன் காட்சி ஒன்றைக் கொண்டுவந்து, மூலையில் இருக்கும் பெயரை மட்டும் எடுத்துத் தரச் சொன்னார். முடியாது என்றேன். தொழில்நுட்பத்தில் அது பெரிய வேலையே இல்லை. ஒரே முத்திரை பல படங்களில் இருந்தால் அதைத் தானாகவே பிரித்தெடுக்கலாம் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் உரிமையாளர் யார் என்று சொல்லும் குறிப்பைத் தெரிந்தே அனுமதியில்லாமல் நீக்கினால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எடுத்தவருக்கு ஒரு மெசேஜ் போட்டு, முத்திரை இல்லாத பிரதியை விலைக்குக் கேளுங்கள் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். எடிட்டிங் செயலி உங்கள் வீடியோமேலேயே தன் பெயரைப் போட்டிருந்தால், மூலத்திலிருந்து வேறு மென்பொருளில் மறுபடி எடுப்பதுதான் நேர்வழி. தரமும் கெடாது.

சிவப்புச் சட்டைக்காரர் விஷயத்தில் எனக்கு உறுத்தல் இல்லை. அவர் போன பிறகு அங்கே இருந்ததைத்தான் காட்டினேன். அதே வீடியோவின் வலப்பக்கம் சங்கு, சிப்பி விற்கும் ஓலைக் கடைகள் இருந்தன. சுற்றுலா விளம்பரத்துக்கு வீடியோ கேட்டவர், அவற்றையும் எடுத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்றார். அந்தக் கடைகள் எந்த விநாடியிலும் இல்லாமல் இல்லை. எடுத்தால், பார்ப்பவருக்கு ஆளரவமற்ற ஓர் இடத்தைப் பொய்யாகக் காட்டியதாகும். கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, கடைகள் படச்சட்டத்துக்குள் வராமல் வேறு ஒரு ஷாட் எடுத்துக்கொடுத்தேன். அதுவும் ஒருவகை மறைப்புதான், ஆனால் படச்சட்டத்துக்குள் இருப்பதில் பொய் இல்லை.

வலை அறுபட்ட தகராறு வீடியோ, புயல் சேத வீடியோ மாதிரி யாரிடமாவது சாட்சியாகப் போகக்கூடிய எதிலும் நான் இன்பெயின்டிங்கைத் தொடுவதில்லை. படகின் பதிவு எண்ணை மறைக்கச் சொன்னால் மங்கலாக்கித் தருவேன். மங்கலைப் பார்க்கிறவருக்கு அங்கே ஏதோ மறைத்திருக்கிறார்கள் என்றாவது தெரியும். மூலக் கோப்பையும் தனி ஹார்ட் டிஸ்கில் அப்படியே வைத்திருக்கிறேன்.