லிப்ட் பராமரிப்புக் கொட்டேசன்களை ஒப்பிடும் முறை: பழுதுப் பதிவிலிருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு தொடர்மாடி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாடி, 24 வீடு, ஒரே லிப்ட். பராமரிப்பு ஒப்பந்தம் முடியப்போகிறது. சங்கத்தின் கையில் மூன்று கொட்டேசன்கள். முதலாவது மாதம் 20,000 ரூபாய், இரண்டாவது 45,000, மூன்றாவது 38,000. குறைந்ததை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்த மூன்று தொகைக்கும் கிடைக்கும் வேலை ஒன்றல்ல. அதை எப்படி ஒரே தராசில் வைப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். தொகைகள் எல்லாம் கணக்கைக் காட்ட எடுத்த உதாரணங்கள். உங்கள் கட்டடத்தின் தொகைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கடந்த 12 மாதப் பழுதுகளை ஒரு தாளில் எழுதுங்கள்

காவலாளியின் கொப்பி, பழைய பில்கள், வட்சப் குழு மூன்றிலும் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். எந்த நாள், எத்தனை மணி, என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றினார்கள், எத்தனை நாள் லிப்ட் நின்றது. இவ்வளவு போதும்.

நம் உதாரணக் கட்டடத்தில் ஒன்பது தடவை நின்றிருக்கிறது. ஐந்து தடவை கதவுப் பழுது. எந்த லிப்டிலும் அடிக்கடி தொல்லை தருவது கதவுதான். ஒவ்வொரு பயணத்திலும் திறந்து மூடுவது அது. கதவு முழுதாக மூடிவிட்டது என்று லிப்டுக்குச் சொல்லும் பூட்டுத் தொடுமுனையில் கடற்காற்றின் உப்புப் படிந்தால், கதவு கண்ணுக்கு மூடித் தெரியும், லிப்ட் மட்டும் அசையாது. கரன்ட் போய் வந்தபோது இரண்டு தடவை நின்றது; அதில் ஒரு தடவை கண்ட்ரோலர் போர்ட் எரிந்தது. மாரி மழையில் அடிக்குழிக்குள் தண்ணீர் வந்து ஒரு தடவை. கரன்ட் போனபோது லிப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்க வேண்டிய பற்றரிகள் செத்துப்போய், ஆள் உள்ளே மாட்டிக்கொண்டது ஒரு தடவை. ஒன்பதில் நான்கு, வேலை நேரத்துக்கு வெளியே நடந்தவை.

படி 2: அதே வருடத்தை ஒவ்வொரு கொட்டேசனிலும் ஓட்டிப் பாருங்கள்

போன வருடம் இந்தக் கம்பனிதான் இருந்திருந்தால் நமக்கு மொத்தம் எவ்வளவு முடிந்திருக்கும்? ஒப்பிடவேண்டிய எண் அதுதான்.

வெளியே வாங்கினால் கதவு ரோலர்கள் 18,000, நான்கு பற்றரி 60,000, கண்ட்ரோலர் போர்ட் 190,000 என்று வைப்போம். வரியைக் கவனியுங்கள்: ஒரு கம்பனி வற் வரியைச் சேர்த்து எழுதும், இன்னொன்று அடியில் சின்ன எழுத்தில் “வரி நீங்கலாக” என்று போடும். வற் 18 வீதம் என்பதால் அந்த ஒரு வரி பெரிய வித்தியாசம் செய்யும்.

முதல் கம்பனி மாதம் 20,000, வரி நீங்கலாக, கூலி மட்டும். உதிரிப்பாகம் எல்லாம் நம் செலவு. வேலை நேரத்துக்கு வெளியே வந்தால் தடவைக்கு 7,500. வருடக் கட்டணம் வரியோடு 283,200. பாகங்கள் 268,000, நான்கு இரவு வருகை 30,000, இரண்டுக்கும் வரி சேர்த்தால் 351,640. மொத்தம் 634,840.

இரண்டாவது மாதம் 45,000, வரி உட்பட, “முழுப் பராமரிப்பு”. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தலைப்பை விட்டுவிட்டு, “அடங்காதவை” என்ற பந்தியை வாசியுங்கள். பற்றரி, மின் ஏற்றத்தாழ்வால் வரும் சேதம், தண்ணீரால் வரும் சேதம், இரும்புக் கயிறு எல்லாம் அங்கே இருக்கின்றன. நம் உதாரணக் கட்டடத்தில் பெரிய செலவு வைத்தவையே பற்றரியும், கரன்ட் போய் வந்தபோது எரிந்த போர்டும்தான். 540,000-த்தோடு பற்றரிக்கும் போர்டுக்கும் வரியோடு 295,000. மொத்தம் 835,000.

மூன்றாவது மாதம் 38,000, வரி நீங்கலாக. மோட்டரும் இரும்புக் கயிறும் தவிர மற்றப் பாகங்கள் அடக்கம். போர்டும் அடக்கம்தான், ஆனால் மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவியை நாம் பூட்டித் தரவேண்டும். அதற்கு ஒரு தடவைச் செலவு வரியோடு 76,700. கட்டணம் 538,080. முதல் வருட மொத்தம் 614,780.

போர்ட் எரியாத வருடத்தையும் கணக்குப் பாருங்கள். முதல் கம்பனி 410,640-க்கு இறங்கிவிடும்; மூன்றாவது, பாதுகாப்புக் கருவி ஏற்கெனவே இருந்தால், 538,080. வித்தியாசம் 127,440. போர்ட் எரியும் ஆபத்தைக் கம்பனியின் தலையில் வைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. இரண்டு மூன்று வருடப் புது லிப்டென்றால் நாங்கள் அதைக் கொடுக்கமாட்டோம். பத்து வருடம் தாண்டியதென்றால் கொடுப்போம்.

படி 3: “இரண்டு மணித்தியாலத்தில் வருவோம்” என்றால் எங்கிருந்து?

இந்த வசனம் கொழும்புக் கட்டடங்களுக்கு எழுதிய படிவத்திலிருந்து அப்படியே வந்திருக்கலாம். கொழும்பிலிருந்து ரோட்டால் இங்கே வர ஆறேழு மணித்தியாலம் ஆகும். ஆகவே கம்பனியிடம் கேளுங்கள்: திருத்துநர் இரவில் தங்குவது எந்த ஊரில்? மட்டக்களப்பா, கல்முனையா, அம்பாறையா? அவர் விடுமுறையில் போனால் யார் வருவார்?

ஒப்பந்தத்தில் மூன்று நேரங்களைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். ஆள் மாட்டிக்கொண்டால் வந்து எடுக்கும் நேரம், சாதாரணப் பழுதுக்கு வரும் நேரம், லிப்டைத் திரும்ப ஓடவைக்கும் நேரம். பல கொட்டேசன்களில் இரண்டாவது மட்டுமே இருக்கும். ஆள் இரண்டு மணித்தியாலத்தில் வந்து பார்த்து, “போர்ட் கொழும்பிலிருந்து வரவேண்டும்” என்று சொல்லிப் போனாலும் அவர்கள் சொன்னதைச் செய்தவர்களாகிவிடுவார்கள். நேரம் நாம் தொலைபேசியில் அழைத்த கணத்திலிருந்து ஓடவேண்டும், ஞாயிறும் போயாவும் உட்பட.

கையெழுத்திடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அவர்களின் அவசர இலக்கத்துக்கு எடுத்துப் பாருங்கள்.

படி 4: பாகங்கள் எங்கே இருக்கின்றன?

கதவு ரோலர், பூட்டுத் தொடுமுனை, பியூஸ், ரிலே, ஒரு தொகுதி பற்றரி. இவை மாவட்டத்துக்குள் இருக்கவேண்டும். பெரிய போர்ட் 48 மணித்தியாலத்தில் வந்துசேர வேண்டும். புதியதா, திருத்திய பழையதா என்பதும் எழுத்தில் வேண்டும். கழற்றிய பாகத்தைச் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். மாற்றாத பாகத்துக்கு பில் வருவதை அது தடுக்கும்.

படி 5: தண்டம் வலிக்குமா?

“லிப்ட் நின்ற நாட்களுக்குக் கட்டணம் கழிக்கப்படும்” என்று இருக்கும். மூன்றாவது கம்பனியில் 38,000-ஐ 30-ஆல் பிரித்தால் ஒரு நாளுக்கு 1,267 ரூபாய். பத்து நாள் நின்றாலும் அவர்களுக்கு 12,670தான் நட்டம்; அதற்காக யாரும் இரவோடிரவாக போர்ட் ஏற்றி அனுப்பமாட்டார்கள். 48 மணித்தியாலத்துக்குப் பிறகு நாளுக்கு இரண்டு மடங்கு, உச்சம் மாதக் கட்டணத்தின் பாதி என்று கேளுங்கள். அதோடு, ஒரே பழுது 60 நாளுக்குள் மூன்று தடவை வந்தாலோ, 15 நாள் தொடர்ந்து நின்றாலோ ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமையையும் கேளுங்கள். நியாயம் இரண்டு பக்கமும் வேண்டும்: கரன்ட் இல்லாத நேரமும், செலவுக்குச் சங்கம் ஒப்புதல் தரத் தாமதித்த நேரமும் கணக்கில் வரக்கூடாது.

வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் 5 வீதம் கழிவு தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். கழிப்பதற்குக் கட்டவேண்டிய பில் ஒன்று மீதி இருந்தால்தான் தண்டம் நடக்கும். ஒவ்வொரு மூன்று மாத முடிவிலும், சேர்விஸ் அறிக்கையைப் பார்த்த பிறகு கட்டுங்கள்.

ஒப்பந்தம் முடியும் நாளில் கண்ட்ரோலரின் கடவுச்சொல்லையும், அதிலுள்ள அமைப்புகளின் பிரதியையும் ஒப்படைக்கவேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு கம்பனியைக் கூப்பிட்டாலும், வந்தவர் கண்ட்ரோலரைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவேண்டியதுதான்.